வேலையை விடாமல் டிகிரி: ஆன்லைனா, காலேஜா? நார்த்தாமலையில் இருந்து ஒரு கணக்கு

நார்த்தாமலையில் இருந்து திருச்சி ரோட்டைப் பிடித்தால், கீரனூரைத் தாண்டி பல்கலைப்பேரூரில் பாரதிதாசன் பல்கலைக்கழகம் வந்துவிடும். ஆனால் புதுக்கோட்டையில் ஒரு கடையில் கணக்கு எழுதும் 28 வயது பி.காம். பட்டதாரிக்கு அந்த வளாகம் அத்தனை பக்கமில்லை. ரெகுலர் படிப்பில் பொதுவாக 75 சதவீத வருகைப்பதிவு வேண்டும். வகுப்பு நேரமும் கடை நேரமும் ஒன்று. அதனால்தான் ‘பேசாம ஆன்லைன்ல எம்.பி.ஏ. போட்டுடலாமா?’ என்ற கேள்வி வருகிறது.

முதலில் வருவது செல்லுபடி பற்றிய பயம். இதில் யுஜிசி 2022 செப்டம்பரிலேயே தெளிவாகச் சொல்லிவிட்டது: அங்கீகாரம் பெற்ற நிறுவனம் ஆன்லைனிலோ தொலைநிலையிலோ தரும் பட்டம், ரெகுலர் பட்டத்துக்குச் சமம். சிக்கல் ‘அங்கீகாரம் பெற்ற’ என்ற சொல்லில்தான் இருக்கிறது. பல்கலைக்கழகத்துக்குப் பெயர் இருந்தால் மட்டும் போதாது. குறிப்பிட்ட படிப்புக்கு, சேரும் அந்தக் கல்விப் பருவத்துக்கு அனுமதி இருக்க வேண்டும்.

இது வெறும் காகித விதி இல்லை. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் தொலைநிலைப் படிப்புகளுக்கு 2014-15 கல்வியாண்டு வரைதான் அங்கீகாரம் என்று 2022 மார்ச்சில் யுஜிசி அறிவித்தபோது, அதற்குப் பிறகு சேர்ந்தவர்கள் திகைத்துப் போனார்கள். தமிழ்நாட்டில் தொலைநிலைக் கல்வி என்றாலே பலருக்கும் முதலில் நினைவுக்கு வரும் பெயர் அது. அதற்கே இந்த நிலை என்றால், போனில் கூப்பிட்டு ‘சீட் முடியப்போகுது சார்’ என்று அவசரப்படுத்துபவரின் வாய்வார்த்தையை நம்பிப் பணம் கட்டுவது எப்படி?

சரிபார்க்கும் வழி எளிது. deb.ugc.ac.in தளத்தில் அந்தப் பருவத்துக்கான பட்டியலில் பல்கலைக்கழகத்தின் பெயரையும் படிப்பின் பெயரையும் சேர்த்துத் தேட வேண்டும். 2024 முதல், இந்தப் படிப்புகளில் சேருபவர் முதலில் ஏபிசி ஐடி எடுத்து, அதை வைத்து டெப் ஐடியும் உருவாக்கிக்கொள்ள வேண்டும். ‘அதெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம், முதல்ல ஃபீஸ் கட்டுங்க’ என்று ஒருவர் சொன்னால், அங்கேயே நிறுத்திவிடலாம். பொறியியல், மருத்துவம், நர்சிங், சட்டம் போன்றவற்றை ஆன்லைன் பட்டமாகத் தர அனுமதியே கிடையாது. உளவியல், நுண்ணுயிரியல், உயிரித் தொழில்நுட்பம், உணவு - ஊட்டச்சத்து அறிவியல் ஆகியவையும் 2025 ஜூலை-ஆகஸ்ட் பருவத்தில் இருந்து இந்தத் தடைக்குள் வந்துவிட்டன.

அடுத்து செலவு. நம் கணக்காளருக்கு மாதம் 18,000 ரூபாய் சம்பளம் என்று வைத்துக்கொள்வோம். வேலையை விட்டு இரண்டு ஆண்டு வளாகத்தில் படித்தால், கட்டணத்தைச் சேர்க்காமலே 4,32,000 ரூபாய் வருமானம் போகும். ஆன்லைன் படிப்புக்கு மொத்தம் ஒரு லட்சம் கேட்டாலும் மலிவு என்று தோன்றுவது இதனால்தான். ஆனால் ‘நோ-காஸ்ட் இஎம்ஐ’ என்பது பெரும்பாலும் மாணவர் பெயரில் எடுக்கப்படும் கடன். பாதியில் படிப்பு நின்றாலும் தவணை நிற்காது.

அப்படிப் பாதியில் நிற்க முக்கியமான காரணம் நேரம். யுஜிசி கணக்கில் தொலைநிலை, ஆன்லைன் படிப்புகளில் ஒரு கிரெடிட் என்பது 30 மணி நேர உழைப்பு. 80 கிரெடிட் உள்ள இரண்டு ஆண்டு முதுநிலைப் படிப்புக்கு 2,400 மணி நேரம் வேண்டும். 104 வாரங்களில் பிரித்தால் வாரத்துக்கு 23 மணி, அதாவது தினமும் மூன்று மணி நேரத்துக்கு மேல். கடை மூடி, பஸ் பிடித்து, சாப்பிட்டு முடிக்க இரவு ஒன்பது என்றால் இந்த மூன்று மணி எங்கிருந்து வரும்? ‘எப்போ வேணா படிக்கலாம்’ என்ற விளம்பர வாசகம் சொல்லாமல் விடும் கணக்கு இது.

கற்றலின் தரம் வீடியோவின் தரத்தில் இல்லை, மாணவரை எப்படிச் சோதிக்கிறார்கள் என்பதில் இருக்கிறது. 2020-ல் சென்னை ஐஐடி தொடங்கிய டேட்டா சயின்ஸ் படிப்பில் பாடம் ஆன்லைனில்தான். ஆனால் பெரும்பாலானோர் நேரடியாகச் சேர முடியாது. நான்கு வாரம் பாடம் படித்து, வாராந்திர அசைன்மென்ட் முடித்து, தகுதித் தேர்வில் தேற வேண்டும். தேர்வுகளையும் மையத்துக்கு நேரில் போய்த்தான் எழுத வேண்டும். ஆகவே சேரும் முன் கேட்க வேண்டிய கேள்விகள் மூன்று: அசைன்மென்டை யார் திருத்துகிறார்? சந்தேகத்துக்கு நேரலை வகுப்பு வாரம் எத்தனை? தேர்வு எங்கே, எப்படி?

ஆன்லைன் கொடுக்க முடியாதது ஒன்று உண்டு. கணக்கு வேலையை விட்டு வேறு துறைக்கே மாற நினைப்பவருக்கு, வளாக நேர்காணலும் இன்டர்ன்ஷிப்பும் உடன் படித்தவர்களின் தொடர்பும் பட்டத்தை விடப் பெரிய உதவி. அதே கடையிலோ அதே துறையிலோ பதவி உயர்வு தேடுபவருக்கு அந்த 4,32,000 ரூபாயை இழக்கக் காரணம் குறைவு. அரசு வேலை இலக்கு என்றால் இன்னொன்றையும் பார்க்க வேண்டும்: பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ, பட்டம் என்ற வரிசை முறையாக இருக்கிறதா என்பதுதான் அங்கே முதலில் எழும் கேள்வி. பிளஸ் டூ முடிக்காமல் திறந்தநிலையில் பட்டம் வாங்கியவர்கள் அரசுப் பணிக்குப் போகும்போது சிக்குவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.