தண்ணீர்க் கட்டணம் ஏன் எகிறவில்லை?

டெங்கில் வீடுகளுக்குக் குழாய்நீர் தருவது ஆயர் சிலாங்கூர் ஒன்றுதான். விலை ஏறினாலும் சமையலை, குளியலை நிறுத்தவா முடியும்? இதுவே நெகிழ்ச்சி குறைந்த தேவை.

ஒரு கற்பனைக் கணக்கு: கன மீட்டர் 1 ரிங்கிட், விற்பனை 100 கன மீட்டர்; வருமானம் 100 ரிங்கிட். விலையை 1.10 ரிங்கிட்டாக்கினால் விற்பனை 98 ஆகிறது என்போம். வருமானமோ 107.80! நீர் குறைவாகச் சுத்திகரிப்பதால் செலவும் இறங்கும். லாபம் கூடியே தீரும். அதனால் லாபமே குறியான ஏகபோக நிறுவனம் இந்தப் பகுதியில் நிற்காது. விலை 1% ஏறினால் விற்பனை 1 விழுக்காட்டுக்கு மேல் சரியும் பகுதிக்குப் போய்த்தான் நிற்கும்.

ஆயர் சிலாங்கூர் மட்டும் இங்கேயே நிற்பதேன்? கட்டணத்தை உயர்த்த மத்திய அரசின் ஒப்புதல் வேண்டும்.