பட்டியலில் ஒன்று, மோட்டாரில் இன்னொன்று

ஒரு பொருளைச் செய்ய எந்தெந்தப் பாகம் எத்தனை வேண்டும் என்று குறித்து வைக்கும் பட்டியலைத் தொழிற்சாலைகளில் பில் ஆஃப் மெட்டீரியல்ஸ், சுருக்கமாக பி.ஓ.எம்., என்பார்கள். குறித்த பாகம் கிடைக்காவிட்டால் எதைப் போடலாம் என்பதற்கும் அதில் இடம் உண்டு. எப்போது வேண்டுமானாலும் போடத்தக்க சமமான பாகம் ஆல்டர்னேட். முதல் பாகம் தீர்ந்தால் மட்டும், குறிப்பிட்ட நிபந்தனையோடு போடலாம் என்பது சப்ஸ்டிட்யூட். இந்தப் பெயர்களின் எல்லை நிறுவனத்துக்கு நிறுவனம், மென்பொருளுக்கு மென்பொருள் மாறும். சில மென்பொருள்களில் அதே பொருளுக்கான இரண்டாவது முழுப் பட்டியலையே ஆல்டர்னேட் என்கிறார்கள்.

சிறிய மின்மோட்டாரில் வரும் 6203 பேரிங்கை எடுத்துக்கொள்ளலாம். உள்விட்டம் 17 மில்லிமீட்டர், வெளிவிட்டம் 40, அகலம் 12. இதே அளவில் தகட்டு மூடி போட்டதும் உண்டு, ரப்பர் சீல் போட்டதும் உண்டு. ரப்பர் சீல் தண்ணீரையும் தூசியையும் நன்றாகத் தடுக்கும். ஆனால் உராய்வு சற்றுக் கூடுதல். நிமிடத்துக்கு 3,000 சுற்றுக்குச் சற்றுக் குறைவாக ஓடும் சாதாரண மோட்டாருக்கு அந்த உராய்வு ஒரு பொருட்டல்ல. ஆகவே தகட்டு பேரிங் இல்லாத இடத்தில் ரப்பர் சீல் பேரிங் போகலாம். தண்ணீர் தெறிக்கும் இடத்தில் ஓடும் மோட்டாரில் ரப்பருக்குப் பதில் தகடு போகக் கூடாது. மாற்று என்பது பெரும்பாலும் இப்படி ஒருவழிப் பாதைதான். பட்டியலில் அந்தத் திசையையும் எழுதாவிட்டால் ஸ்டோர்ஸில் இருப்பவர் இரண்டையும் ஒன்றென்றே எடுத்துக்கொள்வார்.

ஒரு கணக்கைப் பார்ப்போம். 500 மோட்டாருக்கு வேலை ஆணை வருகிறது. மோட்டாருக்கு இரண்டு வீதம் 1,000 தகட்டு பேரிங் தேவை. இருப்பில் தகட்டு பேரிங் 640, ரப்பர் சீல் பேரிங் 500. முதல் 320 மோட்டாரில் தகட்டு பேரிங் தீர்ந்துவிடுகிறது. மீதி 180 மோட்டாருக்கு 360 ரப்பர் சீல் பேரிங் போடுகிறார்கள். மோட்டார்கள் எல்லாம் நன்றாகவே ஓடுகின்றன.

சிக்கல் கணக்கில்தான். பல ஆலைகளில் பாகங்களை ஒவ்வொன்றாக எழுதி எடுப்பதில்லை. 500 மோட்டார் முடிந்தது என்று பதிந்தவுடன் மென்பொருள் பட்டியலைப் பார்த்து உரிய பாகங்களைத் தானே கழித்துவிடும். பேக்ஃப்ளஷ் என்று இதைச் சொல்வார்கள். அதற்குத் தெரிந்தது பட்டியல் மட்டுமே. தளத்தில் நடந்த மாற்றம் அதற்குத் தெரியாது. அது தகட்டு பேரிங்கில் 1,000 கழிக்கப் பார்க்கும். இருப்பு பூஜ்யத்துக்குக் கீழே போக அனுமதி இல்லை என்றால் பதிவு அங்கேயே நின்றுவிடும். அது நல்லதுதான், தவறு உடனே வெளிப்படும். அனுமதி இருந்தால் தகட்டு பேரிங் மைனஸ் 360 என்று ஆகிவிடும். ரப்பர் சீல் பேரிங் 500 என்றே காட்டும். அடுக்கில் இருப்பதோ 140.

இதன் விளைவு இரண்டு பக்கமும் தெரியும். மைனஸைக் கண்ட திட்டமிடும் நிரல், இந்த ஆணைக்கு இனித் தேவைப்படாத 360 தகட்டு பேரிங்கை வாங்கச் சொல்லும். மறுபக்கம், தண்ணீர் படும் இடத்துக்கான 200 மோட்டாருக்கு 400 ரப்பர் சீல் பேரிங் இருக்கிறது என்று நம்பி ஆணை போடுவார்கள். எழுபதாவது மோட்டாரோடு வேலை நின்றுவிடும். செலவுக் கணக்கும் பிசகும். ரப்பர் சீல் பேரிங் 15 ரூபாய் கூடுதல் என்று கொண்டால், அந்த ஆணையின் உண்மையான செலவில் 5,400 ரூபாய் பதிவாகாமல் போகிறது.

எண்ணிக்கை மாறும் மாற்றில் இன்னும் கவனம் வேண்டும். 20 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் இல்லையென்றால், வோல்ட் அளவு குறையாத 10 மைக்ரோஃபாரட் இரண்டை இணையாக இணைக்கலாம். அப்போது ஒன்றுக்கு ஒன்று என்று கழித்தால் பாதிதான் கழியும். மாற்றுப் பாகத்தின் பெயரோடு ‘ஒன்றுக்கு இரண்டு’ என்ற விகிதமும் பட்டியலில் இருந்தாக வேண்டும்.

சரியான வழி, பதிவு செய்யும் முன் அந்த வேலை ஆணையின் பாகப் பட்டியலை மட்டும் திருத்துவது: தகட்டு பேரிங் 640, ரப்பர் சீல் பேரிங் 360. மூலப் பட்டியலைத் தொடக் கூடாது. தொட்டால் அடுத்த ஆணைகளெல்லாம் அந்தத் தற்காலிக ஏற்பாட்டையே பின்பற்றும். எந்த வரிசை எண் முதல் ரப்பர் சீல் பேரிங் போட்டார்கள் என்பதையும் அந்த ஆணையிலேயே குறித்துவிட்டால், பின்னால் பழுது பார்க்க வருபவருக்குக் குழப்பம் இராது.

பதியாமல் விட்டது சரக்கு எண்ணும்போது தெரிந்துவிடும். ஒரு பாகம் கணக்கைவிட 360 கூடுதலாகவும், அதன் மாற்று 360 குறைவாகவும் வந்தால், அது திருட்டோ எண்ணுவதில் வந்த பிழையோ ஆவதற்கு வாய்ப்புக் குறைவு. கெப்பாசிட்டரில் குறைவு, கூடுதலைப்போல இரண்டு மடங்காக வரும். இதைக் கண்டதும் இருப்பை மட்டும் சரிசெய்து முடிப்பதுதான் வழக்கம். அதில் அடுக்கு நேராகும்; ஆணையின் செலவும் வரலாறும் பொய்யாகவே நிற்கும். எனவே அதே வேலை ஆணையில் 360 தகட்டு பேரிங்கைத் திரும்பப் பெற்றதாகவும், 360 ரப்பர் சீல் பேரிங்கைக் கொடுத்ததாகவும் பதிய வேண்டும்.