நெகட்டிவின் ஆரஞ்சை நீக்கும் கணக்கு

கலர் நெகட்டிவை ஸ்கேன் செய்து, கணினியில் ‘இன்வர்ட்’ கொடுத்தால் வருவது நீலம் பூசிய வெளிறிய படம். ஃபிலிம் முழுக்கப் பரவியிருக்கும் ஆரஞ்சு நிறம்தான் காரணம்.

அந்த ஆரஞ்சு கறையல்ல, வேண்டுமென்றே வைத்தது. நெகட்டிவிலுள்ள மெஜந்தா சாயம் பச்சை ஒளியை மட்டும் தடுக்க வேண்டும். ஆனால் கொஞ்சம் நீலத்தையும் சேர்த்துத் தடுத்துவிடும். 1940களில் கோடாக்கின் வெஸ்லி ஹான்சன் இதற்கு வழி கண்டார். மெஜந்தாவை உண்டாக்கும் வேதிப்பொருளுக்கே மஞ்சள் நிறம் கொடுத்தார். சாயம் உருவாகும் இடத்தில் அந்த மஞ்சள் செலவாகும்; உருவாகாத இடத்தில் மிஞ்சும். இதனால் நீலத்தின் இழப்பு எங்கும் ஒரே அளவாகிவிடும். சயான் சாயத்துக்கும் இதே உத்தி. இரண்டும் சேர்ந்ததே ஆரஞ்சு.

எங்கும் ஒரே அளவு என்பதால் அதை எளிதாக நீக்கலாம். முதலில் அதை அளக்க வேண்டும். இரண்டு படங்களுக்கு நடுவே ஒளி படாத வெற்றுப் பட்டை இருக்கும். அதையும் சேர்த்து, தானியங்கித் திருத்தங்களை அணைத்து, 16 பிட் லீனியராக ஸ்கேன் செய்யுங்கள். ஃபிலிமின் கறுத்த முனையில் அளக்கக் கூடாது. அது ஒளி பட்ட பகுதி.

வெற்றுப் பட்டையில் சிவப்பு 0.80, பச்சை 0.40, நீலம் 0.20 என்று வைத்துக்கொள்வோம். சாம்பல் நிறச் சுவர் விழுந்த இடத்தில் 0.40, 0.20, 0.10. ஒன்றிலிருந்து இவற்றைக் கழித்தால் 0.60, 0.80, 0.90, சுவர் நீலமாகிவிடும். ஃபிலிம் ஒளியில் ஒரு பங்கை மட்டுமே விடுவதால், செய்யவேண்டியது வகுத்தல். பட்டையின் எண்ணைச் சுவரின் எண்ணால் வகுத்தால் மூன்றிலும் 2 வருகிறது, சுவர் சாம்பலாகிறது. ஆரஞ்சு நீங்குவதும் படம் நேராவதும் ஒரே கணக்கில் முடிகின்றன. நெகட்டிவின் கான்ட்ராஸ்ட் சுமார் 0.6தான் என்பதால், விடையைச் சுமார் 1.7 அடுக்குக்கு உயர்த்தினால் காட்சியின் கான்ட்ராஸ்ட் திரும்பும்.

மென்பொருளின் ‘ஆட்டோ’ இந்தப் பட்டையைப் பார்ப்பதில்லை. அந்தந்தப் படத்தின் உச்சத்தையும் அடியையும் வைத்து ஒவ்வொரு நிறத்தையும் நீட்டும். அதனால் வயல் நிறைந்த படத்தில் பச்சை மங்கி, மெஜந்தா தலைதூக்கும். ஒரே ரோலின் அடுத்தடுத்த படங்களும் நிறம் மாறும். வ்யூஸ்கேனில் ‘Lock film base color’, டார்க்டேபிளில் ‘negadoctor’ ஆகியவை வெற்றுப் பட்டையின் அளவைக்கொண்டு வேலை செய்பவை. ஒருமுறை அளந்ததை ரோல் முழுவதற்கும் வைத்துக்கொள்ளலாம்.

இத்தனைக்குப் பிறகும் நிழலில் பச்சையும் வெயிலில் மெஜந்தாவும் தெரிந்தால், மூன்று நிறங்களின் கான்ட்ராஸ்ட் ஒத்துப்போகவில்லை என்று பொருள். வெள்ளைச் சட்டையின் வெயில் பட்ட தோளையும் நிழல் விழுந்த மடிப்பையும் ஒப்பிட்டால் தெரிந்துவிடும். அப்போது அந்த அடுக்கை நிறத்துக்கு நிறம் தனியாக மாற்ற வேண்டும். சாயம் வெளிறிப்போன பழைய நெகட்டிவில் இந்தத் திருத்தமும் ஓரளவுக்கே உதவும். அழிந்த சாயத்தோடு போன விவரத்தை எந்தக் கணக்கும் மீட்காது.