பிம்பத்திற்கும் பிம்பத்திற்கும் இடையே

திரைப்படக் கருவி ஒரு விநாடிக்கு 24 நிலைப்படங்களைக் காட்டுகிறது. அவற்றில் எதிலும் சலனம் கிடையாது. ஒரு படத்திற்கும் அடுத்ததற்கும் உள்ள சிறு வேற்றுமையையே நம் கண் சலனமாகக் கொள்கிறது. அந்த வேற்றுமையை நிர்ணயிக்கும் விதத்தில்தான் கைச்சித்திரம், ஸ்டாப் மோஷன், கணினி அனிமேஷன் ஆகிய மூன்றும் வேறுபடுகின்றன. மேசைமேல் கிடக்கும் ஒரு கை, ஒரு விநாடியில் நெற்றிவரை உயர்வதை உதாரணமாகக் கொள்வோம்.

சித்திரக்காரர் முதலில் கையின் ஆரம்ப நிலையையும் முடிவு நிலையையும் வரைந்துகொண்டு, அடியில் விளக்கெரியும் கண்ணாடிப் பலகையின்மேல் அவ்விரு தாள்களையும் அடுக்கி, இடைநிலைகளைப் பிறகு வரைகிறார். ஒவ்வொரு சித்திரத்தையும் இருமுறை படம்பிடிப்பது வழக்கமாதலால் 12 சித்திரங்கள் போதும். உயிருள்ள கை மெல்லப் புறப்பட்டு, நடுவில் விரைந்து, மெல்ல அடங்குமாகையால், முதலிலும் முடிவிலும் சித்திரங்கள் நெருங்கியும் நடுவில் விலகியும் அமையவேண்டும். தவறிய தாளை மட்டும் மாற்றி வரைந்துவிடலாம். ஆயினும் உருவத்தின் பருமன் தாளுக்குத் தாள் சிறிது மாறினாலும் திரையில் அது நடுங்கும்.

ஸ்டாப் மோஷனில் இந்தச் சௌகரியம் இல்லை. உலோக மூட்டுகள் கொண்ட பொம்மையின் கையை அணுவளவு நகர்த்தி, ஒரு படம் எடுத்து, மறுபடி நகர்த்தி, முதலிலிருந்து முடிவுவரை ஒரே திசையில் செல்லவேண்டும். பாதியில் விளக்கு ஒன்று இடம்பெயர்ந்தால், அந்தக் கணத்தில் திரை மினுக்கிக் காட்டிக்கொடுத்துவிடும். 1933-இல் வெளிவந்த ‘கிங் காங்’ படத்தில் அந்த ராட்சதக் குரங்கின் ரோமம் ஓயாமல் சிலிர்ப்பதைக் காணலாம். பொம்மையை நகர்த்திய கலைஞரின் விரல்கள் ஒவ்வொரு முறையும் ரோமத்தைக் கலைத்ததே அதற்குக் காரணம்.

கணினியிலோ, உருவத்தை ஒருமுறை அமைத்துவிட்டுக் கலைஞர் பிரதான நிலைகளை மட்டும் குறித்தால், இடைநிலைகளை யந்திரம் கணக்கிட்டு நிரப்புகிறது. பிறகு ஒளியும் நிழலும் சேர்த்து ஒவ்வொரு பிம்பத்தையும் உருவாக்குவதும் அதன் வேலையே. 1995-இல் வந்த ‘டாய் ஸ்டோரி’ முழுநீளப் படத்தின் ஒரு லட்சத்திற்கும் மேற்பட்ட பிம்பங்கள் இவ்வாறே உருவாயின. எந்த நிலைக்கும் எப்போது வேண்டுமாயினும் திரும்பிச் சென்று திருத்தலாம் என்பது இம்முறையின் பெரும் அனுகூலம். எனினும், சமமான இடைவெளிகளில் நிரப்பினால் கை உயிரற்ற நெம்புகோல்போல் உயரும். அவ்வுருவத்திற்குத் திண்மை கிடையாதாகையால், தடுக்காவிட்டால் கை நெற்றிக்குள்ளேயே புகுந்துவிடும். அசைவைக் குறிக்கும் வளைகோட்டைக் கலைஞர் தம் கண்ணளவால் வளைத்துத்தான் கைக்கு வேகமும் தயக்கமும் தரவேண்டியிருக்கிறது.

ஆகவே, யந்திரம் நீக்கியது வரையும் சிரமத்தையேயன்றி, இடைவெளியை அறியும் பயிற்சியையன்று. இக்கலையைக் கற்க விரும்பும் இளைஞர்கள், கணினியின் முன் அமருமுன் அந்த 12 தாள்களையும் தம் கையாலேயே ஒருமுறை வரைந்து பார்ப்பாராக.