சம்பளம் 30 ஆயிரம், கையில் 20 ஆயிரம்: மீதி எங்கே?

சூளூர்பேட்டை: காலை ஆறு மணிக்கெல்லாம் இங்குள்ள ரயில் நிலையத்துக்கு வெளியே தொழிற்சாலை பஸ்களுக்காகக் காத்து நிற்பவர்களில் தமிழ் பேசுவோர் கணிசம். ஸ்ரீசிட்டி தொழிற்பேட்டை வந்த பிறகு இந்தக் கூட்டம் ஆண்டுதோறும் கூடி வருகிறது. சென்னையிலிருந்து வரும் மின்சார ரயில் இங்கேயே முடிவதால், ஆரம்பாக்கம், கும்மிடிப்பூண்டி பக்கத்துக்காரர்கள் பலர் இங்கே குடும்பத்தோடு தங்கிவிட்டார்கள்.

இவர்களில் பலருக்கு ஆண்டுக்கு ஒருமுறை ஒரு தாள் கிடைக்கிறது. கம்பெனி தமக்காக மொத்தம் எவ்வளவு செலவழிக்கிறது என்று காட்டும் விவரத்தாள் அது. "சி.டி.சி." என்பது ஊழியர்களின் பேச்சு வழக்கு. பிரிட்டனில் அரசின் தேசிய சுகாதாரப் பணி ஊழியர்களுக்கும் இப்படி ஒரு தாள் உண்டு. அதில் பென்ஷனுக்காக அரசு செலுத்தும் பங்கும் காட்டப்படும். தாளில் பொய் இருப்பதாகச் சொல்ல முடியாது. ஆனால் அது முதலாளியின் செலவுக் கணக்கு. தொழிலாளியின் வரவுக் கணக்கு அல்ல. இரண்டையும் ஒன்றென நினைத்தால் வீட்டுக் கணக்கு உதைக்கும்.

உதாரணத்துக்கு ஒருவரை எடுத்துக்கொள்வோம். வயது முப்பது, ஸ்ரீசிட்டியில் ஸ்டோர்ஸ் குமாஸ்தா, மனைவியோடும் தாயாரோடும் சூளூர்பேட்டையில் வாசம். அவருடைய தாளின் அடியில் ஆண்டுக்கு 3,59,054 ரூபாய் என்று இருக்கிறது. மாதம் ஏறத்தாழ 30,000. கும்மிடிப்பூண்டியில் ஒரு சிறு பட்டறை அவரை மாதம் 24,500 ரூபாய்க்கு அழைக்கிறது. "முப்பதை விட்டு இருபத்து நான்கரைக்கு யார் போவார்கள்?" என்பது அவர் எண்ணம். பேங்கில் வீட்டுக் கடன் கேட்கும் யோசனையும் இந்த முப்பதை நம்பித்தான்.

கணக்குப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவரிடம் அந்தத் தாள் போனால், "சம்பளச் சீட்டையும் கொண்டு வா, தம்பி. இரண்டையும் பக்கத்தில் வைத்துத்தான் பார்க்க வேண்டும்" என்பார். அதுதான் சரியான வழி.

சம்பளச் சீட்டில் அடிப்படைச் சம்பளம் 15,000, வீட்டு வாடகைப் படி 4,500, இதர படி 2,500, ஆக 22,000. இதில் ஊழியரின் பிராவிடண்ட் பண்டு பங்கு 12 சதவீதம், அதாவது 1,800 ரூபாய், பிடித்தமாகிறது. ஆந்திர அரசின் தொழில் வரி 200. மிஞ்சுவது சரியாக 20,000. ஆண்டுக்கு 2,64,000 மட்டுமே சம்பளச் சீட்டு காட்டும் தொகை. தாளில் அதற்கு மேல் உள்ள 95,054 ரூபாயைத்தான் பிரித்துப் பார்க்க வேண்டும்.

முதலில் கம்பெனியின் பி.எஃப். பங்கு, 21,600. இது நிஜப் பணம்தான். ஆனால் மாதம் 1,800 முழுவதும் பாஸ்புத்தகத்தில் பி.எஃப். இருப்பாக ஏறாது. அதில் 1,250 ரூபாய் பென்ஷன் நிதிக்குப் போகிறது. 550தான் இருப்பில் சேரும். "கம்பெனி முழுசாகக் கட்டவில்லை" என்று சண்டைக்குப் போனவர்கள் உண்டு. பென்ஷன் பத்தியைப் பார்த்திருந்தால் போயிருக்க மாட்டார்கள். உண்மையில் கவனிக்க வேண்டியது வேறு. கம்பெனியின் பங்கைத் தாளில் செலவாகக் காட்டலாம். ஊழியரின் சம்பளத்திலிருந்து பிடிக்கச் சட்டத்தில் இடமில்லை. சம்பளச் சீட்டின் பிடித்தம் பகுதியில் 1,800க்குப் பதில் 3,600 இருந்தால் கட்டாயம் கேட்க வேண்டும்.

அடுத்து ஒரு சிறிய வரி: பி.எஃப். நிர்வாகக் கட்டணமும் அதோடு சேர்ந்த இன்ஷூரன்ஸும், ஆண்டுக்கு 1,800. இதில் ஒரு காசும் ஊழியர் கைக்கு வராது. ஆனாலும் பாதி வீண் அல்ல. வேலையில் இருக்கும்போது ஊழியர் இறந்தால், விதிகளின்படி 7 லட்சம் ரூபாய் வரை குடும்பத்துக்குக் கிடைக்க வழி செய்வது இந்தச் சந்தாதான். நாமினியாக மனைவியின் பெயரைப் பதியாமல் விட்டவர்கள் இன்றைக்கே பதிவது நல்லது.

கிராஜுவிட்டி 8,654 ரூபாய். மாதத்தை 26 நாளாகக் கொண்டு, ஓராண்டு வேலைக்கு 15 நாள் அடிப்படைச் சம்பளம் என்ற கணக்கு. ஐந்தாண்டு முடித்தால் சுமார் 43,269 கிடைக்கும். மூன்றாம் ஆண்டில் தாமாக விலகினால் ஒன்றும் இல்லை. மரணம், உடல் ஊனம் இவற்றுக்கு விலக்கு உண்டு. 2025 நவம்பர் 21 முதல் அமலான புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பின்படி, குறித்த கால ஒப்பந்தத்தில் இருப்பவருக்கு ஓராண்டு போதும். நமது குமாஸ்தா நிரந்தர ஊழியர். இரண்டாம் ஆண்டில் இருக்கிறார். தாளில் அவர் பெயருக்கு எதிரே உள்ள தொகை இன்னும் அவருடையதாகவில்லை.

பஸ்ஸுக்கு 14,400, கான்டீனுக்கு 15,600. இவை கம்பெனி கான்ட்ராக்டருக்குக் கொடுக்கும் விலை. லீவில் இருந்தாலும், சாப்பாட்டைக் கையோடு கொண்டு போனாலும் தாளில் தொகை குறைவதில்லை. இதை மதிப்பிட ஒரே வழி, அந்த வசதி இல்லாவிட்டால் நம் பையிலிருந்து எவ்வளவு போகும் என்று பார்ப்பதுதான்.

பயிற்சி 12,000 ரூபாய் என்பதுதான் பலரையும் திகைக்க வைக்கிறது. "பயிற்சியா, நமக்கா?" என்று கேட்பார்கள். இரண்டு நாள் பாதுகாப்பு வகுப்பு நடத்திய உள்ளூர் அதிகாரியின் சம்பளத்தையும் கூடத்தின் செலவையும் தலைக்குப் பங்கிட்டு எழுதியிருக்கலாம். வேறு கம்பெனியில் காட்டத்தக்க சான்றிதழ் கிடைத்திருந்தால் அதற்கு மதிப்பு உண்டு; இல்லையேல் அது கம்பெனியின் செலவு மட்டுமே. இடையில் விலகினால் பயிற்சிச் செலவைத் திருப்பித் தர வேண்டும் என்று நியமன உத்தரவில் ஒரு ஷரத்து இருக்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

உற்பத்தி ஊக்கத்தொகை 12,000 ரூபாய். இதற்கு முன்னால் "அதிகபட்சம்" என்ற சொல் சிறிய எழுத்தில் இருக்கும். போன ஆண்டு கையில் வந்தது 5,000 என்றால், அந்த 5,000தான் கணக்கு.

இப்போது பட்டறையின் 24,500 ரூபாயை எதனோடு ஒப்பிட வேண்டும்? முப்பதோடு அல்ல, சம்பளச் சீட்டின் 22,000 ரூபாயோடு. மாதம் 2,500, ஆண்டுக்கு 30,000 ரூபாய் பட்டறையில்தான் அதிகம். அங்கேயும் பி.எஃப். பிடித்தால் அந்த வரி இரண்டு பக்கமும் சமம். பத்துப் பேருக்கு மேல் வேலை செய்யும் இடமானால் கிராஜுவிட்டியும் சட்டப்படி அங்கே உண்டு. தாளில் அச்சடித்துக் காட்டுவதில்லை, அவ்வளவுதான். ஆனால் ஐந்தாண்டுக் கணக்கு அங்கே முதலிலிருந்து தொடங்கும். பஸ்ஸுக்குப் பதில் ரயில் சீசன் டிக்கெட், கான்டீனுக்குப் பதில் வீட்டுச் சாப்பாடு. இவற்றுக்கு மாதம் ஆயிரம், ஆயிரத்து ஐந்நூறு என்று கழித்தாலும் பட்டறையே சற்று மேலாகத் தெரிகிறது.

மிஞ்சுவது ஒரு வரி: குரூப் மருத்துவ இன்ஷூரன்ஸ், பிரீமியம் 9,000. வேலையை விட்டால் இந்தப் பாதுகாப்பும் நின்றுவிடும். பட்டறையில் இது இல்லை. சம்பளம் 21,000 ரூபாயைத் தாண்டுவதால் ஈ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரியும் கிடையாது. சர்க்கரை வியாதியுள்ள வயதான தாயாருக்குத் தனியாகப் பாலிசி எடுக்கப் போனால் 9,000 ரூபாயில் முடியாது. முன்பே உள்ள நோய்க்குச் சில ஆண்டுகள் காத்திருக்கவும் சொல்வார்கள்.

"அப்படியானால் இங்கேயே இருந்துவிடலாமா, ஐயா?"

"அவசரப்படாதே. பாலிசி கார்டில் யார் யார் பெயர் இருக்கிறது?"

ஊழியர், மனைவி, குழந்தைகள் என்று மட்டும் இருந்து பெற்றோர் பெயர் இல்லையென்றால், அந்த 9,000 ரூபாயில் தாயாருக்குப் பங்கே இல்லை. ஊழியர் கூடுதல் பிரீமியம் கட்டினால் பெற்றோரையும் சேர்க்கும் கம்பெனிகள் உண்டு. பெரும்பாலும் பாலிசியைப் புதுப்பிக்கும் மாதத்தில்தான் அதற்கு அனுமதிப்பார்கள். பட்டறைக்காரருக்குப் பதில் சொல்லுமுன் பர்சனல் ஆபீசில் கேட்க வேண்டியது இரண்டே விஷயங்கள்: அந்த மாதம் எது, தாயாருக்கு எவ்வளவு கட்ட வேண்டும் என்பவை. கடன் மனுவில் மட்டும், எந்த வேலையானாலும், சம்பளச் சீட்டில் உள்ளதையே எழுத வேண்டும். பேங்க் மேனேஜர் கேட்கப் போவதும் அந்தச் சீட்டைத்தான்.