ஒரே மாத்திரை, ஒரே டோஸ்... ஒருத்தருக்கு மட்டும் ஏன் கால் மரத்துப்போகுது?

காசநோய்க்கு சிகிச்சை எடுக்கும் இருவரை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரே வயது, ஒரே எடை, இருவருக்கும் தினமும் 300 மில்லிகிராம் ஐசோனியசிட். சில வாரங்களில் ஒருவர், ``பாதம் எரியுது, ஊசி குத்துற மாதிரி இருக்கு" என்கிறார். இன்னொருவருக்கோ ஒன்றுமே இல்லை. ஏன்?

காரணம் கல்லீரலில் இருக்கிறது. அங்குள்ள `நாட் 2' என்ற என்சைம்தான் இந்த மருந்தைச் செயலிழக்க வைத்து வெளியேற்ற உதவுகிறது. அதன் வேகம், அப்பா அம்மாவிடமிருந்து வரும் மரபணுவைப் பொறுத்தது. வேகமானவர்களுக்கு ஒன்றரை மணி நேரத்துக்குள் ரத்தத்தில் மருந்து பாதியாகக் குறைந்துவிடும். மெதுவானவர்களுக்கு மூன்று மணி நேரம்கூட ஆகலாம். இந்தியர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் மெதுவான ரகம்தான்.

அதிக நேரம் தங்கும் மருந்து, நரம்புகளுக்குத் தேவையான வைட்டமின் பி6-ஐக் குறைத்துவிடும். அதனால்தான் கால் மரத்துப்போகிறது. கூடவே பி6 மாத்திரையும் கொடுப்பது இதைத் தடுக்கத்தான். சர்க்கரை நோய், மதுப்பழக்கம் இருந்தால் ஆபத்து இன்னும் கூடும்.

அப்போ வேகமானவர்கள் அதிர்ஷ்டசாலிகளா? அப்படியும் சொல்ல முடியாது. 1960-களில் சென்னையில் நடந்த ஆய்வுகளில், வாரம் ஒருமுறை மருந்து எடுத்த வேகமானவர்களுக்கு சிகிச்சை சரியாகப் பலன் தரவில்லை. தினமும் எடுக்கும்போது அந்தக் குறை பெரிதாகத் தெரிவதில்லை.

எனவே, கால் மரத்தாலோ, கண் மஞ்சளானாலோ உடனே டாக்டரிடம் சொல்லுங்கள். மரத்துப்போகுதே என்று நீங்களாகவே மாத்திரையை நிறுத்தினால், கிருமி மருந்துக்கு அடங்காததாக மாறிவிடலாம்.