‘நிறுத்தக் கூடாது’ என்றால் எதை?

என் சித்தப்பாவுக்கு 51 வயது. கிடங்கு ஒன்றில் பொருள் ஏற்றி இறக்கும் வேலை. வேன் ஓட்டுநர் உரிமம் எடுத்தால் வேலை மாற்றித் தருவதாக முதலாளி சொல்லியிருந்தார். அதற்கு முதல் படி அடிப்படைக் கோட்பாட்டுத் தேர்வு. 50 கேள்விகள், 50 நிமிடம். 45 சரியாக இருந்தால்தான் தேர்ச்சி. தேர்வைத் தமிழில் எழுதப்போகிறவருக்கு, கையில் கிடைத்த கையேடோ ஆங்கிலத்தில் இருந்தது. அதை ஒரு நோட்டுப்புத்தகத்தில் தமிழாக்கித் தரும் வேலை, பலதுறைத் தொழிற்கல்லூரி மாணவியான என்னிடம் வந்தது.

இரண்டு வாரத்தில் முடித்துவிட்டேன். பிறகு நானே கேள்வி தயாரித்து அவரிடம் கேட்டேன்.

“சாலை ஓரத்தில் மஞ்சள் நிறத்தில் இரட்டை வளைகோடு இருக்கிறது. பயணியை இறக்கிவிட அரை நிமிடம் நிற்கலாமா?”

“நிற்கலாம்” என்றார்.

“தப்பு, சித்தப்பா.”

“நீ எழுதினதைத்தானம்மா சொல்றேன்” என்று நோட்டைத் திருப்பிக் காட்டினார். இரட்டை நேர்கோட்டுக்கு ‘எந்த நேரமும் வண்டி நிறுத்தக் கூடாது’ என்று எழுதியிருந்தேன். இரட்டை வளைகோட்டுக்கும் அதே வரிதான். முந்தைய வாரம் நேர்கோட்டைப் பற்றி அவர் கேட்டபோது, ஆளை இறக்கிவிட்டு உடனே கிளம்பலாம் என்று நானே சொல்லியிருந்தேன். வரி ஒன்றாக இருந்ததால் இதற்கும் அப்படித்தான் என்று அவர் எடுத்துக்கொண்டார்.

தவறு என்னுடையது. காரை ‘பார்க்’ செய்வதையும், ஒரு கணம் நிற்பதையும் தமிழில் ‘நிறுத்துவது’ என்றே சொல்கிறோம். ஆனால் சாலை விதியில் இவை வேறு வேறு. இரட்டை நேர்கோடு, எந்த நேரமும் பார்க்கிங் கூடாது என்கிறது. இரட்டை வளைகோடு, நிற்கவே கூடாது என்கிறது. ஆளை இறக்கவும் இடமில்லை. கம்பத்தில் உள்ள வட்டப் பலகைகளும் இப்படித்தான். நீல வட்டத்தில் ஒரு சிவப்புக் குறுக்குக்கோடு இருந்தால் பார்க்கிங் இல்லை. இரண்டு கோடுகள் பெருக்கல் குறிபோல் இருந்தால் நிற்பதும் இல்லை.

‘நிறுத்துதல்’, ‘நிறுத்திவைத்தல்’ என்று பிரித்துப் பார்த்தேன். வேகமாகப் படிக்கும்போது இரண்டும் ஒன்றுபோலவே தெரிந்தன. கடைசியில் ‘பார்க்கிங் செய்யக் கூடாது’, ‘ஒரு நொடியும் நிற்கக் கூடாது’ என்று மாற்றினேன். தூய தமிழ் இல்லைதான். ஆனால் சித்தப்பா அதன்பின் குழம்பவில்லை.

அந்தப் பிழைக்குப் பிறகு தண்டனைப் பக்கத்தையும் ஆங்கிலத்துடன் ஒப்பிட்டேன். புதிய ஓட்டுநர் முதல் ஓராண்டு தகுதிகாண் காலத்தில் இருப்பார். அப்போது 13 அல்லது அதற்கு மேற்பட்ட குற்றப்புள்ளிகள் சேர்ந்தால் உரிமம் ரத்தாகும். நான் எழுதியிருந்தது ‘13க்கு மேல்’. சரியாக 13 புள்ளி பெற்றவர் தப்பிவிடுவார் என்றல்லவா அதற்குப் பொருள்! ‘அல்லது’ என்ற ஒரு சொல்லை விட்டதால் விதியே மாறிவிட்டது. சிவப்பு விளக்கை மீறினால் காருக்கு 400 வெள்ளி அபராதமும் 12 புள்ளிகளும் உண்டு. அதாவது ஒரே மீறலில் எல்லைக்கு ஒரு புள்ளிதான் மிச்சம்.

மூன்றாவது பிழை என் தமிழில் இல்லை, கையேட்டில் இருந்தது. அது என் அண்ணன் பயன்படுத்திய பழைய பதிப்பு. வேக வரம்பை மணிக்கு 21 முதல் 30 கிலோமீட்டர் வரை மீறினால் காருக்கு 200 வெள்ளி, 6 புள்ளிகள் என்று அதில் இருந்தது. 2026 ஜனவரி 1 முதல் அது 300 வெள்ளி, 8 புள்ளிகள். நூறு வெள்ளி கூடியதைவிட அந்த இரண்டு புள்ளிகள்தான் பெரிய விஷயம். பழைய கணக்கில், தகுதிகாண் காலத்தில் இருமுறை பிடிபட்டால் 6, 6 என 12. உரிமம் தப்பும். இப்போது 8, 8 என 16. உரிமம் போய்விடும், மீண்டும் முதல் தேர்விலிருந்து தொடங்க வேண்டும். சித்தப்பாவுக்கு அதோடு வேன் வேலையும் போகும். என் நோட்டை நம்பியிருந்தால், ஒருமுறை பிடிபட்ட பிறகும் இன்னொருமுறை தாங்கும் என்றே அவர் நினைத்திருப்பார்.

அதனால் தொகையும் புள்ளியும் உள்ள பக்கங்களைக் கிழித்துவிட்டு, தனித்தாளில் எழுதினேன். மேலே, எந்தத் தேதியில் சரிபார்த்தேன் என்று குறித்தேன். சாலைக் கோடுகளின் பொருள் அடிக்கடி மாறாது. தண்டனைத் தொகை மாறும். மாறினால் அந்தத் தாளை மட்டும் மாற்றினால் போதும்.

சித்தப்பா 47 மதிப்பெண் பெற்றுத் தேர்ச்சி அடைந்தார். அடுத்தது இறுதிக் கோட்பாட்டுத் தேர்வு. அதற்கான புத்தகத்தை என் மேசையில் வைத்துவிட்டுச் சொன்னார்:

“இந்தத் தடவை எழுத எழுத எங்கிட்ட காட்டும்மா. எனக்கு எங்க குழப்பம் வருதோ, அங்க நிறுத்தச் சொல்றேன்.”